கீழ் இலை

என் கைபேசியில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. நீலக் கோடு போட்ட துண்டின் மேல் ஒரு தக்காளி இலை. இலையில் பழுப்பு நிறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிகள், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் இன்னொரு வட்டம், சுற்றிலும் லேசாக மஞ்சள். எடுத்தவள் நான்தான். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட ஒருவர் முகமும் இவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை. அழித்துவிடலாம் என்று பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டேன்.

தொண்டாமுத்தூரைத் தாண்டி, மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் பூமி உண்டு. பல வருடமாக அதைக் குத்தகைக்கு விட்டிருந்தோம். என் வீட்டுக்காரர் கோவை டவுனில், கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால், இருட்டிய பிறகுதான் வீடு. பட்டறைச் சத்தத்தில் அவருக்கு இடது காது மந்தமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீடு அமைதியாக இருக்கும்போதுகூட, "என்ற காதுக்குள்ள மிசினு ஓடிட்டே இருக்குது அம்மணி" என்பார். காது டாக்டர், இந்த வேலையில் இருந்தால் மற்றக் காதும் போகும் என்று பட்டென்று சொல்லிவிட்டார். அன்றைக்கே நான் தீர்மானித்துவிட்டேன். அவர் தீர்மானிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

குத்தகை முடிந்ததும் பூமியைத் திருப்பி வாங்கினோம். பட்டறை முதலாளி நல்ல மனிதர். "ஒரு வெள்ளாமை எடுத்துப் பாருங்க. சித்திரை வரைக்கும் உங்க மிசின்ல வேற ஆளை நிரந்தரமா போட மாட்டேனுங்க" என்றார். அவர் சொன்னது உதவிதான். எனக்கு மட்டும் அது கெடு வைத்த மாதிரி இருந்தது. தக்காளி நன்றாக வந்தால் இவர் தோட்டத்தில் இருப்பார், வராவிட்டால் மறுபடி அந்தச் சத்தத்துக்குள் போவார். இதற்கு நடுவில் வேறு வழி எங்களுக்குக் கிடையாது. எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அது எங்களோடு உட்கார்ந்திருக்கும்.

தை பிறந்ததும் நட்டோம். நாற்றுப் பண்ணையில் நல்ல நாற்றாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கி, களை வராமல் பாத்திக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, குச்சி ஊன்றிக் கயிறு கட்டினோம். லேத்தில் மயிரிழை அளவு பார்த்துப் பழகிய கை அல்லவா, குச்சிகள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நின்றன. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, தக்காளி நட்டிருக்கீங்களா, கம்பெனி கட்டறீங்களா?" என்று கிண்டல் செய்தார்கள். இவருக்கு அதில் பெருமை. சாயங்காலமானால் ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே நடப்பார். கொடி சரிந்திருந்தால் தூக்கிக் கட்டுவார். கொழுந்தின் மேல் கயிறு உரசினால் அவிழ்த்து வேறு பக்கம் கட்டுவார். கொழுந்துதான் செடிக்கு உயிர் என்று எனக்கே பாடம் எடுப்பார். நான் விவசாயம் செய்த வீட்டில் பிறந்தவள், அவர் இரும்புக்கு நடுவில் காலம் தள்ளியவர். இருந்தாலும் அந்த நாட்களில் அவர் எனக்குப் பாடம் எடுப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பிடித்திருந்தது.

பூ பூத்துப் பிஞ்சு இறங்க ஆரம்பித்த சமயத்தில், ஒரு மத்தியானம் தோட்டத்திலிருந்து நேராக சமையலறைக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"செடி ஒரு மாதிரி இருக்குது அம்மணி. மேக்கால பக்கம் நாலஞ்சு செடி வாட்டமா நிக்குது. எலைல புள்ளி வேற. உன்ற போன்ல அந்தக் குரூப்ல போட்டுக் கேளு."

அவர் சொன்னது காய்கறி விவசாயிகளுக்கான ஓர் இணைய மன்றம். எங்கெங்கோ இருப்பவர்கள் படம் போட்டுக் கேட்பார்கள், எங்கெங்கோ இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேட்டிருக்கலாம்தான். ஆனால் எங்கள் பக்கம் பயிருக்கு ஒன்று என்றால் முதலில் பக்கத்தாருக்குத் தெரியக் கூடாது என்று ஒரு கூச்சம் உண்டு. வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு அந்தக் கூச்சம் இன்னும் அதிகம். முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் கேட்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அவர் கையில் ஒரு இலை இருந்தது. துண்டை விரித்து, வெளிச்சம் விழும்படி திருப்பி வைத்தார். நான் படம் எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"ஐயா எல்லோருக்கும் வணக்கம்ங்க. கோவை மாவட்டம். தக்காளி, நட்டு ஒன்றரை மாதம் ஆகுதுங்க. இலையில் வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளி விழுகுதுங்க, படம் வைத்திருக்கிறேன். இது என்ன நோய்ங்க, இல்லை ஏதாவது பூச்சிங்களா? என்ன மருந்து அடிக்கலாம், தெரிந்தவர்கள் சொல்லுங்க."

நான் அரிசி களைந்து உலையில் போடுவதற்குள் பதில்கள் வந்து விழ ஆரம்பித்துவிட்டன. இலைக்கருகல் என்றார் ஒருவர். வட்டத்துக்குள் வட்டம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், பூஞ்சணம்தான் என்றார் இன்னொருவர். மேன்கோசெப் என்ற பூஞ்சண மருந்தை அடியுங்கள் என்றார்கள். ஒருவர் எல்லா நோய்க்கும் ஒரே கரைசல் தன்னிடம் இருப்பதாகச் சொல்லித் தன் நம்பரைப் போட்டார், அவர் எந்தப் பதிவிலும் அதையேதான் போடுவார். கும்பிடும் கை, கட்டைவிரல், பூச்செண்டு எல்லாம் வரிசையாக வந்தன. பத்துப் பேர் ஒரே பதிலைச் சொன்னால் மனசு எவ்வளவு நிம்மதியாகிறது! நான் உரக்கப் படிக்க, அவர் நல்ல காதை என் பக்கம் திருப்பிக் கேட்டார். அன்றைக்கு அவர் இன்னொரு கை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் மருந்து அடித்து முடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வெள்ளகோவில் பக்கத்துக்காரர் ஒருவர் எழுதினார். அவரும் தக்காளிக்காரர்தான்.

"அக்கா, இந்த இலை செடியில் மேலே இருந்து எடுத்ததுங்களா, கீழே இருந்துங்களா? நுனி எப்படி இருக்குதுங்க? முடிந்தால் முழுச்செடி நிற்கிற மாதிரி ஒரு படம் போடுங்க."

நான் இவரைக் கேட்டேன். கை கழுவிக்கொண்டிருந்தவர், "நுனி வெயிலுக்குத் தொங்குது, தண்ணி கொஞ்சம் சேத்தி உட்டாச் செரியாயிரும். மருந்துதான் அடிச்சாச்சே, அதைச் சொல்லிரு" என்றார். மாசி வெயில் அப்படித்தான் அடித்தது. நானும் எழுதினேன்: "மருந்து காலையிலேயே அடிச்சுப்போட்டோமுங்க. நுனி வெயிலுக்கு வாட்டமா இருக்குங்க."

"சரிங்க அக்கா. ஒரு வாரம் பாருங்க" என்று பதில் வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்து மரியாதையைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். வாய் நிறைய 'ங்க' போடுவோம். செய்துவிட்டேன் என்று ஒருவர் சொன்ன பிறகு, அது தப்பு என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. சரிங்க, பாருங்க என்று விட்டுவிடுவோம். அந்த மனிதருக்கு அன்றைக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. முகம் தெரியாத ஒரு வீட்டில் போய் அபசகுனமாகப் பேசுவானேன் என்று நின்றுவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அந்த மரியாதை மேல் இருக்கிறது.

மருந்து வேலை செய்தது. கீழ் இலைகளில் புதிதாகப் புள்ளி வரவில்லை, பழைய புள்ளிகளும் காய்ந்து நின்றுவிட்டன. இவர் குனிந்து குனிந்து கீழ் இலைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நின்னுருச்சு அம்மணி, நின்னுருச்சு" என்றார். நான் மன்றத்தில் நன்றி எழுதினேன். கேள்விக்குக் கிடைத்ததைவிட அந்த நன்றிக்குக் கட்டைவிரல்கள் அதிகம் கிடைத்தன.

ஆனால் செடி வளரவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியாது. கிணற்று மேட்டில் நின்று பார்த்தால், மேற்குப் பக்கம் முழுவதும் மேலே ஒரு செம்புக் கலர் படர்ந்திருந்தது. தண்ணீர் விட்டும் நுனிகள் நிமிரவில்லை. ஒரு நாள் நானே இறங்கிப் போனேன். செடியின் உச்சியைக் கைக்குள் பிடித்துப் பார்த்தேன். குருத்து இலைகளில் கடுகளவு கடுகளவாகக் கருப்பு. கொழுந்து கருகிச் சுருண்டிருந்தது. தண்டில் பேனாவால் கிழித்த மாதிரி கருங்கோடு. பக்கத்திலிருந்த காயைத் திருப்பினேன், அதன் தோலில் வெளிறிய வளையங்கள். அவர் கொண்டு வந்த இலையில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இலையைப் பறிக்காமல், நுனி தெரிய, தண்டு தெரிய, காய் தெரியப் படம் எடுத்தேன். இந்த முறை அவரைக் கேட்கவில்லை. பழைய பதிவின் கீழேயே போட்டேன். கட்டைவிரல்காரர்கள் ஒருவரும் வரவில்லை. வெள்ளகோவில்காரர் மட்டும் வந்தார்.

"அக்கா, இது வைரஸ்ங்க. மொட்டுக் கருகல். வந்த செடிக்கு மருந்து இல்லீங்க. பிடுங்கிருங்க. மனசு கஷ்டப்படாதீங்க. எனக்கும் போன வருஷம் இப்படித்தான் போச்சு."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி: "அன்னைக்கே அழுத்திக் கேட்டிருக்கணுங்க."

அதைப் படித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. சமையலறையில் நின்றே அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு போய் இவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "போட்டோவைப் பாத்துச் சொல்றவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். முதல் படத்தைப் பார்த்துச் சொன்னவர்களை மட்டும் நம்பினீர்களே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

தோட்டக்கலை அலுவலருக்குப் போன் செய்தேன். இளவயதுப் பெண். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, நேராக மேற்குப் பக்கம் போனார். கொழுந்தைத் தன் உள்ளங்கையில் தட்டினார். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி மஞ்சளாகச் சில துரும்புகள் விழுந்து ஊர்ந்தன.

"பேன். இலைப்பேன்னு சொல்லுவோம். இதுதாங்க வைரஸைத் தூக்கிட்டுச் செடி விட்டுச் செடி போறது" என்றார். வேலியோரம் மண்டிக் கிடந்த பார்த்தீனியத்தைக் காட்டி, "அதுல எல்லாம் இருக்குங்க, அங்கிருந்தும் வந்திருக்கும்" என்றார்.

இவர் என் கைபேசியை வாங்கி முதல் படத்தைக் காட்டினார். வாதாடுவதற்கு அதுதான் அவரிடம் இருந்த ஆதாரம். அந்தப் பெண் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது இலைக்கருகல்தாங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க. அடிச்ச மருந்தும் சரிதான். கீழ் இலையில இந்த வயசுல எல்லாத் தோட்டத்துலயும் கொஞ்சம் இருக்கும். அது ஒண்ணும் செடியைக் கொல்லாது." போனைத் திருப்பிக் கொடுத்தார். "கொல்றது மேல இருக்குதுங்க."

அந்த மத்தியானமே, நாலைந்து செடியில் இருந்தபோதே பிடுங்கி எரித்துவிட்டு, பேனுக்கு மருந்து அடித்து, நீல ஒட்டுப்பொறி கட்டியிருந்தால் நின்றிருக்குமா என்று நான் கேட்டேன். நின்றிருக்கலாம் என்றார். பாதியாவது தேறியிருக்கும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்ல முடியாதுங்க அக்கா, சில தோட்டத்துல எல்லாம் செஞ்சும் போயிருக்கு" என்றார். அவரும் எங்கள் பக்கத்துப் பெண்தான்.

மேற்குப் பக்கம் மட்டும் பிடுங்கிப் பார்த்தோம். கிழக்குப் பக்கமும் செம்பாக மாறியது. கடைசியில் எல்லாவற்றையும் எடுப்பது என்றானது. யானை இறங்கி மிதித்திருந்தால் ஊரே வந்து பார்த்திருக்கும், வனத்துறைக்காரர்கள் வந்திருப்பார்கள், நாலு பேர் துக்கம் விசாரித்திருப்பார்கள். இலைப்பேன் மிதித்ததைப் பார்க்க யார் வருவார்கள்? நாங்கள் இரண்டு பேர் மட்டும் சாலுக்கு ஒருவராக இறங்கினோம்.

அவர் முதலில் கயிறுகளை அவிழ்த்தார். அறுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்றேன். கேட்கவில்லை, அல்லது அந்தப் பக்கம் மந்தக் காது. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, கயிற்றைச் சுற்றி வைத்துவிட்டு, செடியின் அடியைப் பிடித்து இழுத்தார். வேர் நல்ல வெள்ளையாக, ஆரோக்கியமாக வந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பச்சைக் காய்கள் உதிர்ந்து ஷீட்டின் மேல் உருண்டன. பாதிச் சாலில் நான் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, அன்னைக்கு நுனியில இருந்து ஒரு எலையைக் கொண்டு வந்திருக்கலாமுங்கல்ல?"

சண்டைக்கு இழுப்பதற்காகக் கேட்கவில்லை. ஆனால் குரல் அப்படித்தான் வந்தது. அவர் நிமிராமல் பதில் சொன்னார்.

"பாத்தேன். மேலயும் கருப்புக் கருப்பா இருந்துது. கிள்ளலாம்னு கையை வெச்சேன். பிஞ்சு இறங்கற செடி. ஒரு போட்டோவுக்காகக் கொழுந்தைக் கிள்ள மனசு வல்ல. கீழ பழுத்துக் கெடந்த எலைதானே, அதைப் பறிச்சா செடிக்கு ஒண்ணுமில்லைன்னு பறிச்சாந்தேன்."

சொல்லிவிட்டு அடுத்த செடியின் அடியைப் பிடித்தார். இழுத்தார். குவியலில் போட்டார். கொழுந்தெல்லாம் ஒரு பக்கமாகப் பார்க்கும்படி அடுக்கிக்கொண்டே போனார். அவருக்கு அது தெரிந்து செய்ததா என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் குவியலுக்குத் தீ வைத்தோம். பச்சைச் செடி, எரியாமல் புகைந்துகொண்டே இருந்தது.

சித்திரை பிறப்பதற்குள் பட்டறை முதலாளியே போன் செய்தார். அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது. "வாங்க, பாத்துக்கலாம்" என்றார். இவர் மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினார். காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு வாங்கிக் கொடுத்தேன். பட்டறையில் கூப்பிடுவது கேட்காது என்று அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிறார். துவைக்கும்போது எடுத்து வைக்கிறேன், மறுபடி போட்டு அனுப்புகிறேன். பூமியைக் குத்தகைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்த மன்றத்திலிருந்து நான் விலகவில்லை. எங்கள் முதல் பதிவு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. இலையில் புள்ளி என்று யார் கேட்டாலும், அதே அறிகுறி, அதே மருந்து, இந்த அக்காவுக்குக் குணமாகிவிட்டது என்று அதை எடுத்துக் காட்டுகிறார்கள். இரண்டாவது படம் கீழே எங்கேயோ இருக்கிறது. அவ்வளவு தூரம் யாரும் இறங்கிப் போவதில்லை. குணமாகவில்லை என்று நான் ஒவ்வொரு இடத்திலும் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

போன வாரம் ஒருவர் படம் போட்டிருந்தார். தக்காளி. சிமெண்டுத் தரையில் ஒற்றை இலை, வட்டத்துக்குள் வட்டம். வழக்கமான பதில்கள் வரிசையாக வந்துவிட்டிருந்தன. நான் எழுதினேன்: "தம்பி, இலையைப் பறிக்காதீங்க. செடியில் நுனி தெரியுற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்க." உடனே பதில் வந்தது.

"காலையிலேயே மருந்து அடிச்சுப்போட்டோமுங்க அக்கா."

சரிங்க என்று எழுத விரல் போனது. பழக்கம். எழுதவில்லை. "சரியில்லீங்க. இப்பவே போய் நுனியைப் பாருங்க. கருத்திருந்தா அந்தச் செடியை இன்னைக்கே பிடுங்குங்க" என்று எழுதினேன். மரியாதை தெரியாத பொம்பளை என்று நினைத்திருப்பார். அவரிடமிருந்து பதில் இல்லை.

இவர் வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைக் காட்டினேன். கையில் கிரீஸ் இருந்ததால் போனைத் தொடவில்லை. நான் பிடித்துக்கொள்ள, குனிந்து பார்த்தார். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"கீழெலை" என்றார். "அவனும் கொழுந்தைக் கிள்ளலை."

கை கழுவப் போனார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. சோறு போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். இரண்டாவது முறை இன்னும் உரக்கக் கூப்பிட்டேன், அப்போதும் அவர் திரும்பவில்லை. நல்ல காது என் பக்கம்தான் இருந்தது.